ஆயிரம் முறை சுண்டினால் அறுநூறு தலை விழுமா?

கோணல் இல்லாத ஒரு நாணயத்தை 1,000 முறை சுண்டுகிறோம். சுமார் 500 தலை விழும் என்று எதிர்பார்ப்போம். 510 விழுந்தால் யாருக்கும் வியப்பில்லை. 600 விழுந்தால்? அது தற்செயலா, நாணயத்தில் ஏதோ கோளாறா? பதில் சொல்ல, நேர்மையான நாணயத்தில் 600 அல்லது அதற்கு மேல் தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று தெரிய வேண்டும்.

கணினி இருந்தால் நேராகவே கணக்கிட்டுவிடலாம். விடை, சுமார் 700 கோடியில் ஒரு பங்கு. ஆனால் எல்லாக் கேள்விக்கும் இப்படி நேர்க்கணக்கு கைகொடுக்காது. பல வேளைகளில் நமக்குத் துல்லியமான விடைகூடத் தேவையில்லை. ‘வாய்ப்பு இதற்கு மேல் போகாது’ என்ற உறுதியான ஒரு வரம்பு கிடைத்தால் போதும். அப்படி வரம்பு கட்ட இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒரே கேள்விக்குத் தரும் விடைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் வழியை ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் 1867-இல் எழுதினார். அது விலக்க வர்க்கச் சராசரியை நம்பி நிற்கிறது. ஒரு சுண்டலில் தலைக்கு 1, பூவுக்கு 0 என்று வைத்தால் சராசரி அரை. விழுவது எதுவானாலும் விலக்கம் அரை. அதன் வர்க்கம் கால். சார்பற்ற சுண்டல்களில் விலக்க வர்க்கச் சராசரிகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், ஆயிரம் சுண்டலுக்கு மொத்தம் 250. இப்போது, தலைகளின் எண்ணிக்கை 500-இலிருந்து 100-ஓ அதற்கு மேலோ விலகும்போதெல்லாம் விலக்கத்தின் வர்க்கம் குறைந்தது 10,000. இது நாற்பதில் ஒரு பங்கைவிட அதிகமாக நடந்தால், அந்தப் பங்கு மட்டுமே சராசரியை 250-க்கு மேல் தூக்கிவிடும். ஆகவே வாய்ப்பு நாற்பதில் ஒன்றைத் தாண்டாது. மேலே விலகுவதும் கீழே விலகுவதும் சமம் என்பதால், 600-க்கு மேல் போகும் வாய்ப்பு எண்பதில் ஒன்றுக்குள் அடங்கும்.

எண்பதில் ஒன்று எங்கே, 700 கோடியில் ஒன்று எங்கே! வரம்பு பொய்யில்லை, ஆனால் பயன்படாது. ஒரு லட்சம் நாணயங்களை ஆளுக்கு ஆயிரம் முறை சுண்டிச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். செபிஷேவ் கணக்குப்படி 1,250 நேர்மையான நாணயங்கள்வரை 600-ஐத் தாண்டக்கூடும். எது கோணல் நாணயம் என்று பிரிக்க இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

செபிஷேவ் சோம்பலாகக் கணக்குப் போட்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. அவர் எடுத்துக்கொண்ட தகவலை வைத்து இதைவிடச் சிறந்த வரம்பு சொல்லவே முடியாது. அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

பத்து நாணயங்களை மட்டும் உண்மையாகச் சுண்டுங்கள். அந்தப் பத்திலிருந்து ஒன்றோ பலவோ சேர்ந்த எல்லாக் குழுக்களையும் எடுங்கள். மொத்தம் 1,023 குழுக்கள் வரும். ஒவ்வொரு குழுவிலும் விழுந்த தலைகளை எண்ணி, ஒற்றைப்படையானால் அந்தக் குழுவுக்குத் ‘தலை’ என்றும் இரட்டைப்படையானால் ‘பூ’ என்றும் எழுதுங்கள். இப்போது உங்கள் கையில் 1,023 போலிச் சுண்டல்கள். ஒவ்வொன்றும் தலையாக இருக்கச் சரிபாதி வாய்ப்பு. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது. அதாவது இரண்டிரண்டாகப் பார்த்தால் எல்லாம் சார்பற்றவை. மூன்றாகப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். முதல் நாணயம் மட்டும் ஒரு குழு, இரண்டாவது மட்டும் ஒரு குழு, இரண்டும் சேர்ந்தது ஒரு குழு: முதல் இரண்டின் விடை தெரிந்தால் மூன்றாவதின் விடை தானாகவே முடிவாகிவிடும்.

இந்த 1,023 சுண்டல்களின் விலக்க வர்க்கச் சராசரி, உண்மையான 1,023 சுண்டல்களுடையதேதான். ஆனால் நடப்பது வேறு. பத்து நாணயங்களும் பூ விழுந்தால் 1,023-உம் பூ. அதற்கு வாய்ப்பு 1,024-இல் ஒன்று. வேறு எப்படி விழுந்தாலும் சரியாக 512 தலை, 511 பூ. இடைப்பட்டது எதுவும் கிடையாது. 1,023-உம் ஒரே பக்கம் விழ செபிஷேவ் தரும் வரம்பு 1,023-இல் ஒன்று. உண்மை வாய்ப்பு 1,024-இல் ஒன்று. கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்கிறது. செபிஷேவின் கணக்கு ஜோடிகளை மட்டுமே பார்க்கிறது. இப்படிப்பட்ட போலிகளையும் அது அனுமதித்தாக வேண்டும். அதனால்தான் அந்த வரம்பு அவ்வளவு தாராளமாக இருக்கிறது.

எல்லாச் சுண்டல்களும் ஒன்றோடொன்று முழுக்கச் சார்பற்றவை என்ற தகவலைப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. 1952-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹெர்மன் செர்னாஃப் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதற்கான சுருக்கமான நிரூபணம் தன் சக அறிஞர் ஹெர்மன் ரூபினுடையது என்று செர்னாஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நிரூபணத்தை ஒரு பந்தயமாகவே நடத்திப் பார்க்கலாம்.

கையில் ஒரு ரூபாய். ஒவ்வொரு சுண்டலுக்கும் கையிருப்பில் 20 சதவீதத்தைத் தலைமேல் கட்டுகிறோம். தலை விழுந்தால் கையிருப்பு 1.2 மடங்கு, பூ விழுந்தால் 0.8 மடங்கு. இரண்டின் சராசரி சரியாக 1. சுண்டல்கள் முழுக்கச் சார்பற்றவையாக இருந்தால், பெருக்கற்பலனின் சராசரி என்பது சராசரிகளின் பெருக்கற்பலன். ஆகவே ஆயிரம் சுண்டலுக்குப் பிறகும் கையிருப்பின் சராசரி அதே ஒரு ரூபாய்தான்.

சரி, 600 தலை, 400 பூ விழுந்திருந்தால் கையில் எவ்வளவு இருக்கும்? 1.2-ஐ 600 முறையும் 0.8-ஐ 400 முறையும் பெருக்க வேண்டும். விடை சுமார் 55 கோடி ரூபாய். 600-க்கு மேல் தலை விழுந்தால் இன்னும் கூடும். சராசரி ஒரு ரூபாயாக இருக்கும் பந்தயத்தில் 55 கோடி ரூபாய் கையில் வரும் வாய்ப்பு, 55 கோடியில் ஒன்றைத் தாண்ட முடியாது. தாண்டினால் சராசரி ஒரு ரூபாயில் நிற்காது. அவ்வளவுதான் நிரூபணம். எண்பதில் ஒன்று என்று இருந்த வரம்பு, 55 கோடியில் ஒன்று ஆகிவிட்டது. ஒரு லட்சம் நாணயச் சோதனைக்குத் திரும்பினால், நேர்மையான நாணயம் ஒன்றாவது 600-ஐத் தொடும் வாய்ப்பு 5,500-இல் ஒன்றுக்கும் கீழே. தொட்ட நாணயத்தைத் தயங்காமல் ஒதுக்கி வைக்கலாம்.

20 சதவீதம் ஏன்? வேறு விகிதத்தில் கட்டினாலும் வரம்பு கிடைக்கும், ஆனால் மோசமானதாக. 5 சதவீதம் கட்டினால் 600 தலைக்குக் கையில் சேருவது சுமார் 6,350 ரூபாய்தான். 50 சதவீதம் கட்டினால் 400 பூக்கள் பணத்தைக் கரைத்துவிடும்; ஒரு பைசாகூட மிஞ்சாது. 60 சதவீதம் தலை விழும் என்ற கேள்விக்கு அதிகபட்சம் தருவது 20 சதவீதப் பந்தயம். நூற்றுக்கு 70 என்று கேட்டால் 40 சதவீதம் கட்ட வேண்டும்.

எண்ணிக்கை பெருகும்போது இந்த வழி ஏன் முந்துகிறது என்பது இப்போது விளங்கும். 60 சதவீதம் தலை என்ற அதே கேள்வியை வைத்துக்கொண்டு சுண்டல்களை இரட்டிப்பாக்கினால், செபிஷேவ் வரம்பு பாதியாகும். பந்தயக் கையிருப்போ தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். 100 சுண்டலில் 60 தலைக்குக் கையிருப்பு ஏழரை ரூபாய். 1,000 சுண்டலில் அதைப் பத்து முறை பெருக்கியது, அதாவது 55 கோடி. 10,000 சுண்டலில் அது 88 இலக்க எண். செபிஷேவ் அங்கே 800-இல் ஒன்று என்று நிற்கிறார்.

ஆனால் 100 சுண்டலில் நிலைமையைக் கவனியுங்கள். பந்தயம் தரும் வரம்பு ஏழரையில் ஒன்று. செபிஷேவ் தருவது எட்டில் ஒன்று. செபிஷேவ்தான் நெருக்கமானது! உண்மை வாய்ப்பு ஏறத்தாழ 35-இல் ஒன்று என்பதால் இரண்டுமே அங்கே சுமார்தான். பெரிய எண்ணிக்கையிலும் நடுவுக்குப் பக்கத்தில் இதே கதைதான். 1,000 சுண்டலில் 520 தலை என்று கேட்டால் செபிஷேவ் 31 சதவீதம் என்கிறார். அடுக்கு வரம்பு 45 சதவீதம் என்கிறது. திட்ட விலக்கத்தைப் போல இரண்டு மடங்கைச் சற்றே தாண்டிய பிறகுதான் அடுக்கு வரம்பு முந்துகிறது. முந்திய பிறகு பிடிக்க முடியாது.

கணக்குப் போட விரும்புவோருக்கு வாஸிலி ஹோஃப்டிங் 1963-இல் தந்த எளிய வடிவம் உண்டு. n சுண்டலில் சராசரியைவிட t அதிகமாகத் தலை விழும் வாய்ப்பு `exp(-2*t*t/n)` என்பதைத் தாண்டாது. 1,000-க்கும் 100-க்கும் இது 48 கோடியில் ஒன்று என்று தரும். பந்தயக் கணக்கைவிடச் சற்றே தளர்வு, ஆனால் கால்குலேட்டரில் ஒரு வரி. நாணயத்துக்கு மட்டும் அல்லாமல், 0-க்கும் 1-க்கும் இடையில் அடங்கும் எந்தச் சார்பற்ற எண்களின் கூட்டலுக்கும் இது செல்லும்.

இந்தப் பலம் முழுவதும் முழுச் சார்பின்மையிலிருந்து வருவது. அது இல்லாத இடத்தில் கணக்கு தலைகீழாகும். 1,000 பேரிடம் ஆம், இல்லை என்று கருத்துக் கேட்கிறோம். ஆனால் 250 வீடுகளில் வீட்டுக்கு நான்கு பேராகக் கேட்டோம், ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நடந்தது 250 சுண்டல்தான். அங்கே 60 சதவீதத்துக்கான வரம்பு 55 கோடியில் ஒன்று இல்லை. சுமார் 150-இல் ஒன்று. இந்தக் குறையைக் கண்டுபிடிக்கலாம்: இதே கணக்கெடுப்பைப் பல முறை நடத்தி விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிட்டால் 250-க்குப் பதிலாக 1,000 வரும்.

1,023 போலிச் சுண்டல்களை அப்படிப் பிடிக்க முடியாது. அவற்றின் விலக்க வர்க்கச் சராசரியில் எள்ளளவும் பிழை இல்லை. ஆனால் பந்தயத்தைப் பூமேல் கட்டிப் பாருங்கள்: 1,024-இல் ஒரு தடவை ஒவ்வொரு சுண்டலிலும் ஜெயித்து, ஒரு ரூபாய் 81 இலக்கங்களைத் தாண்டிய தொகையாகும், சராசரி ஒரு ரூபாயில் நிற்காது, நிரூபணம் அந்த வரியிலேயே உடைந்துவிடும். எனவே அடுக்கு வரம்பைக் கையில் எடுக்கும் முன், விலக்க வர்க்கச் சராசரி சரியாக இருக்கிறதே என்று திருப்தியடையாமல், அந்த எண்கள் எப்படி உருவாயின என்று முதலில் விசாரியுங்கள்.