ஒரு வரியில் ஒரு வேலை

பிபி மெஷின் வாங்கினால் டப்பாவுக்குள் தடித்த கையேடு ஒன்றும், நாலாக மடித்த தாள் ஒன்றும் இருக்கும். கையேட்டைப் பெரும்பாலானவர்கள் பிரிப்பதில்லை. தாளை மேசைமேல் விரித்துப்போட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தாள் பல நேரம் இந்த மாதிரிதான் இருக்கும்:

“பேட்டரிகளைப் பொருத்தி, காற்றுக்குழாயை இணைத்து, பட்டையைக் கையில் சுற்றி START பொத்தானை அழுத்தவும். முன்னதாகத் தேதி, நேரம் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அளவீட்டின்போது பட்டை இதய மட்டத்தில் இருப்பது அவசியம். பட்டையைத் துணிமேல் சுற்றக்கூடாது. அளக்கும் முன் 5 நிமிடம் ஓய்வெடுக்கவும்.”

இதில் பிழையான தகவல் ஒன்றுகூட இல்லை. பிழை வரிசையில் இருக்கிறது. இப்படிப்பட்ட தாளை யாரும் முழுக்கப் படித்துவிட்டுச் செய்வதில்லை. ஒரு வரி படிப்பார்கள், உடனே கை அதைச் செய்துவிடும். முதல் வாக்கியம் முடியும்போதே விரல் பொத்தானை அழுத்தியிருக்கும். பட்டை காற்று நிரம்பி இறுகும்போதுதான், துணிமேல் சுற்றக்கூடாது என்பது கண்ணில் படும். ஓய்வைப் பற்றிய வரிக்கு வருவதற்குள் திரையில் எண் வந்துவிடும்.

அந்த எண்தான் ஆபத்து. படபடப்பு அடங்காமல், கையைத் தொங்கவிட்டு, சட்டைமேல் பட்டை சுற்றி அளந்தாலும் பல மெஷின்கள் பிழை காட்டாது. உண்மையைவிடக் கூடுதலான ஓர் அளவைச் சாதாரணமாகக் காட்டி, நினைவிலும் பதிந்துகொள்ளும். தேதியும் அமைக்காமல் விட்டிருந்தால், எந்த அளவு எந்த நாளுடையது என்பது மருத்துவருக்கும் தெரியப்போவதில்லை.

இந்தத் தாளைத் திருத்த உட்காருபவர் முதலில் பேனாவால் வேலைகளை அடிக்கோடிட வேண்டும். முதல் வாக்கியத்தில் பொருத்துவது, இணைப்பது, சுற்றுவது, அழுத்துவது என நான்கு தெரிகின்றன. தமிழில் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு முற்று வந்தால் வாக்கியம் ஒன்றுதான், ஆனால் வேலை நான்கு. அடுத்த வாக்கியங்களில் இன்னும் நான்கு ஒளிந்திருக்கின்றன. “அமைக்கப்பட்டிருக்க வேண்டும்” என்றால் யாரோ ஏற்கெனவே அமைத்துவிட்டதுபோல ஒலிக்கிறது. அமைக்க வேண்டியவர் தாளைப் படிப்பவர்தான். “துணிமேல் சுற்றக்கூடாது” என்பதற்குள் சட்டைக்கையை விலக்கும் வேலை இருக்கிறது. “இதய மட்டத்தில்” என்பதற்குள் முழங்கையை மேசையில் வைக்கும் வேலை இருக்கிறது. ஓய்வும் ஒரு வேலையே.

விமானத் துறையில் இதற்குக் கறாரான விதியே உண்டு. பல நாட்டு மெக்கானிக்குகள் ஒரே பராமரிப்புக் கையேட்டைத் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதற்காக, ஐரோப்பிய விமானத் தொழில் அமைப்பு ஒன்று 1986-ல் எளிய ஆங்கிலத்துக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இன்று அதன் பெயர் எஸ்டிஇ. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான் இருக்கலாம். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. நிபந்தனை இருந்தால் அது கட்டளைக்கு முன்னால் வர வேண்டும். இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருந்தால் மட்டும் ஒரே வாக்கியத்தில் எழுதலாம். “பொத்தானை 5 விநாடி அழுத்திப் பிடிக்கவும்” என்பதை இரண்டாக உடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எட்டு வேலைகளையும் பிரித்து எழுதிய பிறகு, அவற்றை இரண்டு குவியலாக்க வேண்டும். திருத்தத்தில் அதிகம் பலன் தருவது இந்த இடம். பேட்டரி, குழாய், தேதி மூன்றும் முதல் நாள் மட்டும் செய்பவை. மற்ற ஐந்தும் ஒவ்வொரு முறையும் செய்பவை. பழைய தாள் இரண்டையும் கலந்துவிட்டதால், மறுநாள் காலையில் அளக்க உட்காரும் பெரியவர் தனக்குத் தேவையான வரிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. தாளின் ஒரு பக்கம் “முதல் நாள்”, மறுபக்கம் “ஒவ்வொரு முறையும்” என்று ஆகிவிட்டால், இரண்டாம் பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் நாள் பக்கத்தின் தலையில் இன்னொன்றும் வர வேண்டும். பழைய தாளில் அது இல்லவே இல்லை. பட்டையில் 22–32 செ.மீ. என்பதுபோல ஓர் அளவு அச்சிட்டிருக்கும். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகவே வரும். மற்ற படிகளை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் அது சரியாகாது. பேட்டரி போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

தினசரிப் பக்கத்தில் வரிசைக்கு ஒரு சிக்கல் வரும். ஓய்வு முதலிலா, பட்டை முதலிலா? உட்கார்ந்து ஓய்வெடுத்த பின் சட்டைக்கையைச் சுருட்டி, வெல்க்ரோவை இழுத்து ஒட்டினால் உடம்பு மறுபடி அசைகிறது. பட்டையைச் சுற்றி, கையை மேசையில் வைத்து, அதன்பின் ஓய்வெடுத்தால் மீதி இருப்பது பொத்தானை அழுத்துவது மட்டும்தான். ஆகவே பட்டையை முன்னால் வைப்பதே நல்லது. திருத்திய பக்கம் இப்படி வரும்:

காபி, டீ, புகை, உடற்பயிற்சி: இவற்றில் எதுவானாலும் முடிந்து 30 நிமிடம் ஆன பிறகே தொடங்கவும்.

1. சிறுநீர் கழித்துவிட்டு வரவும்.
2. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரவும்.
3. சட்டைக்கையை மேற்கையிலிருந்து விலக்கவும்.
4. பட்டையை மேற்கையில் மாட்டவும். கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 1–2 செ.மீ. மேலே இருக்க வேண்டும்.
5. பட்டையை இழுத்து ஒட்டவும். அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.
6. கையை மேசையில் வைக்கவும். பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும்.
7. 5 நிமிடம் பேசாமல் இருக்கவும்.
8. START பொத்தானை அழுத்தவும்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் படிகளில் இரண்டு வாக்கியம் இருக்கிறதே என்று தோன்றலாம். செய்ய வேண்டியது முதல் வாக்கியத்தில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது, செய்தது சரியா என்று கண்ணாலோ விரலாலோ பார்த்துக்கொள்ள. அப்படிச் சோதிக்க வழி இருக்கும் இடத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். சோதனையை அடிக்குறிப்புக்குத் தள்ளினால் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

தேதி அமைப்பதில் வேறொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். பல மாடல்களில் ஆண்டு மின்னும். அம்புக்குறியால் மாற்றி, ஒரு பொத்தானால் உறுதிசெய்தால் மாதம் மின்னும். அப்படியே நிமிடம் வரை போகும். ஒரு வரிக்கு ஒரு வேலை என்று பிடிவாதமாக எழுதினால் இதற்கே பத்து வரி ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு படி எழுதிவிட்டு, “மாதம், தேதி, மணி, நிமிடம் ஆகியவற்றுக்கும் இதே இரண்டு படிகள்” என்றால் போதும். பொத்தானின் பெயரை மட்டும் மெஷினில் அச்சிட்டிருப்பதைப்போலவே எழுத வேண்டும். தாளில் “தொடக்க விசை” என்று இருந்து மெஷினில் START என்று இருந்தால், அந்த இடத்தில் விரல் நிற்கும்.

விரல் எங்கே நிற்கிறது என்பதை எழுதியவரால் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு மெஷின் பழகிவிட்டது. அதைத் தொட்டேயிராத ஒருவரிடம் மூடிய டப்பாவையும் தாளையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கண் தாளில் மேல்நோக்கித் திரும்பினால், ஏதோ ஒரு படி அதற்குரிய இடத்தில் வரவில்லை. ஒரு வரியைச் செய்து முடித்துவிட்டு மறுபடி அதே வரியைப் படித்தால், அதற்குள் இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. “அடுத்து என்ன?” என்று கேட்டால், படி முடிந்ததைக் காட்டும் அடையாளம் இல்லை. அவருக்கு வாயால் விளக்கம் சொல்லாமல், அந்த வரியில் ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில விஷயங்கள் வெளியே நிற்கும். பிழைக் குறிகளின் பொருள், பட்டையைத் துடைக்கும் விதம், பழைய அளவுகளைப் பார்ப்பது எல்லாம் தடித்த கையேட்டிலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் தாளுக்குள் கொண்டுவர வேண்டும். சில மெஷின்களில் பேட்டரி மாற்றினால் தேதி அழிந்துவிடும். ஆகவே தினசரிப் பக்கத்தின் அடியில், எட்டாம் படிக்குக் கீழே, “பேட்டரி மாற்றினால் முதல் நாள் பக்கத்தைப் பார்த்துத் தேதியை மறுபடி அமைக்கவும்” என்ற வரிக்கு இடம் ஒதுக்க வேண்டும்.