வாடகை ஏன் ஏறுகிறது? ஒரு வீட்டுக்காரரின் கடிதத்தை வாசித்தல்

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பின்பகுதியில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாத வாடகை 15,000 ரூபாய். வீட்டுக்காரரிடமிருந்து அக்குடும்பத் தலைவருக்கு ஒரு கடிதம் வருகிறது.

"அன்புள்ள தம்பி, வரும் தை மாதம் தொடக்கம் வாடகையை 20,000 ரூபாயாக உயர்த்த வேண்டியிருக்கிறது. மனவருத்தப்பட வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பரப்புக் காணியின் விலை எங்கேயோ போய்விட்டது. மேலே மாடி கட்டி இன்னும் இரண்டு குடும்பத்தை இருத்தலாம் என்றால், சபையில் அனுமதி எடுப்பது இலேசில்லை. வளவும் சிறியது. இருக்கிற இடத்துக்கு ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் தீவிலிருந்து வந்த ஆட்கள் என்றபடியால்தான் முதலில் உங்களிடம் சொல்கிறேன்."

கடிதமும் தொகைகளும் கற்பனையானவை. ஆனால் இப்படியான கடிதத்தையோ பேச்சையோ தீவுப்பகுதிக் குடும்பங்கள் பல அறியும். இதில் மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: காணி விலை, கட்டடக் கட்டுப்பாடு, கேட்டு வருவோர் தொகை. மூன்றும் ஒரே வகையானவை அல்ல.

முதலில் காணி விலை. காணி விலை ஏறியதால் வாடகை ஏறுகிறது என்பது சரியாகத்தான் ஒலிக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அந்தக் காணி சீதனமாகவோ முதுசமாகவோ வந்திருக்கலாம். அதற்காக அவர் இன்று ஒரு சதமும் புதிதாகச் செலவிடவில்லை. அடுத்த வளவுக்காரர் சென்ற ஆண்டுதான் பெரும் விலை கொடுத்து வாங்கியிருப்பார். இருவருடைய வீடுகளும் ஒரே மாதிரியானவை என்றால் வாடகையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பது வாடகையைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்காடோ 1817இல் வெளியிட்ட நூலில் இதைத் தானியத்தை வைத்து விளக்கினார். நிலவாடகை கூடியதால் தானிய விலை கூடவில்லை; தானிய விலை கூடியதால்தான் நிலவாடகை கூடியது என்பது அவர் வாதம். வீட்டுக்கும் இது பொருந்தும். அந்த இடத்தில் இருப்பதற்கு மக்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பதால்தான் அங்குள்ள காணியின் விலை ஏறுகிறது. வீட்டுக்காரர் விளைவைக் காரணமாகச் சொல்கிறார்.

வேலணையையோ புங்குடுதீவையோ பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். போர்க்கால இடப்பெயர்வாலும் வெளிநாட்டுக் குடியேற்றத்தாலும் அங்கே பல கல்வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெரிய வளவு, கிணறு, நிழல்மரங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் அவற்றை வாடகைக்குக் கேட்டு வருவோர் குறைவு. "வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்" என்று உறவினரிடம் ஒப்படைப்பவர்களும் உண்டு. கேள்வி இல்லாத இடத்தில் கல்லும் சீமெந்தும் வாடகை தருவதில்லை.

ஆகவே மூன்றாவது காரணமான கேள்விக்கு வருவோம். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை இருக்கிறது. அங்குள்ளவர் வாடகை கட்டுப்படியாகாவிட்டால் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். நெடுந்தீவாருக்கு அந்த வழி இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வேண்டும். அதன் பிறகுதான் பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையோ, போதனா வைத்தியசாலைக்கு அடிக்கடி போக வேண்டிய நோயாளியோ இருக்கும் குடும்பம் பட்டணத்துக்கு அருகில் தங்கியே ஆக வேண்டும். நயினாதீவாருக்குப் படகுப் பயணம் குறுகியது. என்றாலும் அவர்களும் கடலைக் கடந்தே வர வேண்டும்.

உயர்தரப் பொருளியல் பாடத்தில் கேள்வி நெகிழ்ச்சி என்று படிப்பது இதைத்தான். விலை ஏறும்போது விலகிப் போக வழியுள்ளவரின் கேள்வி நெகிழ்ச்சியானது. வழியில்லாதவரின் கேள்வி நெகிழ்ச்சியற்றது. ஒரே கடிதம் ஊர்காவற்றுறைக் குடும்பத்துக்குப் போனால் பேரம் பேசலாம். நெடுந்தீவுக் குடும்பத்துக்குப் போனால் கடன்பட்டாவது கட்டுவார்கள்.

அப்படியானால் கேள்வி கூடிய இடத்தில் வீடுகள் ஏன் கூடவில்லை? இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது. கடிதத்தில் உள்ள உண்மையான காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி. அதைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால் அந்த வளவுக்குள் இடைவெளி கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குழி இருக்கும் மூலைக்கு மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணறு இருக்கலாம். இன்னும் இரண்டு குடும்பத்தை இருத்தினால் குழியும் பெருக்க வேண்டும், கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரும் பெருகும்.

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளின் வழியாகக் கழிவு எளிதில் கிணற்றை எட்டும். அதனால் வளவில் ஒரு பகுதியை வெறுமையாக விட வேண்டும், அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற விதிகள் வெறும் அலுவலக இடைஞ்சல்கள் அல்ல. அவை குடிதண்ணீரைக் காக்கின்றன. அதேவேளை அவற்றால் வீடுகளின் நிரம்பல் மெதுவாகவே கூடுகிறது. நன்மையும் விலையும் ஒரே விதியிலிருந்து வருகின்றன. விலையைக் கட்டுபவர் வீட்டுக்காரர் அல்லர், வாடகைக்காரர்.

இந்த எல்லை எக்காலத்துக்கும் ஒன்றாக நிற்பதில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்ற தடை தளர்கிறது. ஆனால் கழிவுநீரை அகற்றும் குழாய்த்தொகுதி இல்லாதவரை குழி என்ற தடை அப்படியே இருக்கும். வாடகை தணிய வேண்டுமானால் பட்டணத்தில் கழிவுநீர்க் குழாயும், நெடுந்தீவுக்கு நம்பத்தக்க படகுச் சேவையும் வேண்டும். முன்னது வீடுகளின் நிரம்பலைக் கூட்டும். பின்னது பட்டணத்தில் தங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியைக் குறைக்கும்.

சட்டத்தால் வாடகையைப் பிடித்து நிறுத்த முடியாதா? 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதைத்தான் செய்ய முயன்றது. வாடகைக்கு வரம்பு வைத்தது. குடியிருப்பவரை எழுப்புவதையும் கடினமாக்கியது. ஏற்கெனவே வீடு கிடைத்தவர்களுக்கு அது காப்பு. ஆனால் வரம்பு ஒரு புதிய அறையைக் கூடக் கட்டித் தராது. வாடகைக்கு விட்டால் வீட்டைத் திரும்பப் பெற முடியாது என்று பயந்த உரிமையாளர் வீட்டைப் பூட்டி வைப்பதும் உண்டு. 1980இல் வந்த திருத்தம், அதன் பின்பு புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்களித்தது.

இனி அந்தக் குடும்பம் கடிதத்துக்கு என்ன பதில் எழுதலாம்? கூட்டப்பட்ட 5,000 ரூபாயை இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம். கூரை திருத்தியது, சபை வரி கூடியது, நீர் இறைக்கும் மோட்டர் மாற்றியது என்பன செலவுகள். அவற்றுக்குக் கணக்கு உண்டு. கணக்கைக் கேட்பதில் தவறில்லை. மிச்சம் பற்றாக்குறைக்கான தொகை. அதற்குக் கணக்கு இல்லை, பேரம்தான் உண்டு. ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பம் எழும்பினால் வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தாலே வீட்டுக்காரருக்கு 15,000 ரூபாய் நட்டம். கேட்டு வருவோர் உண்மையில் எத்தனை பேர் என்பதை அயலில் உள்ள அறைகள் எத்தனை நாள் வெறுமையாகக் கிடக்கின்றன என்று பார்த்து அறியலாம். உயர்வை இரண்டு தவணையாகப் பிரிக்கவும், அடுத்த உயர்வு எப்போது என்பதை எழுத்தில் தரவும் கேட்கலாம். ஒரு பரப்பு வளவைப் பெரிதாக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஆனால் எந்தத் தொகை செலவுக்கு, எந்தத் தொகை நெருக்கடிக்கு என்று தெரிந்துகொண்டு பேசலாம்.