நெருப்பு மிகுதியா? மண் குறைவா?

"உங்கள் பிள்ளைக்கு நெருப்பு மிகுதி, ஆகையாற் பொறுமையில்லை. மண் போதாது, ஆகையாற் காரியத்திற் பிடிப்பில்லை." மேலைநாட்டுச் சோதிடர் பலர் சாதகத்தைக் கையிலெடுத்தவுடன் இவ்வாறு குணத்தை எடைபோடுவர். இத்தீர்ப்பு எங்ஙனம் பிறக்கின்றது என்பதையும், அது எவ்வளவு பாரந் தாங்கும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முறை எளிது. மேடம், சிங்கம், தனு ஆகிய மூன்றும் நெருப்பு இராசிகள். இடபம், கன்னி, மகரம் மண். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கர்க்கடகம், விருச்சிகம், மீனம் நீர். நம்மவர் கூறும் ஐந்தாம் பூதமாகிய ஆகாயத்துக்கு இக்கணக்கில் இடமில்லை. இவ்விராசிகளே சரம், ஸ்திரம், உபயம் என மூவகையாகவும் பிரிக்கப்படும். சரம் தொடங்கும் இயல்பு. ஸ்திரம் நிலைத்து நிற்கும் இயல்பு. உபயம் வளைந்து கொடுக்கும் இயல்பு. பிறந்த வேளையில் எந்த இராசியில் எத்தனை கிரகங்கள் நின்றன என்று எண்ணிக் கூட்டினாற் கணக்கு முடிந்துவிடும். நெருப்பு ஊக்கத்தையும், மண் நடைமுறை அறிவையும், காற்றுச் சிந்தனையையும், நீர் உணர்ச்சியையும் குறிக்குமென்பர்.

யாவருமறிந்த ஒருவரின் சாதகத்தில் இதைச் செய்து பார்ப்போம். விஞ்ஞானி அல்பேட் ஐன்ஸ்ரைன் 1879 மார்ச் 14 ஆந் திகதி முற்பகலில் ஜேர்மனியிலுள்ள உல்ம் நகரிற் பிறந்தார். மேலைநாட்டு முறைப்படி புதன், சுக்கிரன், சனி மூன்றும் மேடத்தில், சந்திரன் தனுவில், செவ்வாய் மகரத்தில், வியாழன் கும்பத்தில், சூரியன் மீனத்தில். ஆகவே நெருப்பு 4, மண் 1, காற்று 1, நீர் 1. சரம் 4, ஸ்திரம் 1, உபயம் 2. நெருப்பு மிகுந்த, எதையுந் தொடங்கும் வேகமுள்ள மனிதர். ஆனாற் காற்றாகிய சிந்தனையோ சொற்பம்! சிந்தனையாலேயே உலகப் புகழ் பெற்றவருக்குக் கிடைத்த தீர்ப்பு இது.

"எமது பட்டியலிற் பத்துக் கிரகங்கள் உள்ளன" என்று அச்சோதிடர் கூறலாம். யுரேனஸ் கன்னியிலும், நெப்ரியூன், புளூட்டோ இரண்டும் இடபத்திலும் நின்றன. இவற்றைச் சேர்த்தவுடன் மண் 1 என்பது 4 ஆகி நெருப்புக்குச் சமமாகின்றது. மண் குறைந்தவர் நொடிப்பொழுதில் மண் நிறைந்தவராகிவிட்டார். ஆனால் யுரேனஸ் ஓர் இராசியிலே ஏறத்தாழ 7 ஆண்டுகளும், நெப்ரியூன் 14 ஆண்டுகளும் தங்கும். புளூட்டோ அதனினும் நீண்டகாலம் தங்குவதுமுண்டு. அவ்வாண்டுகளிற் பிறந்த கோடிக்கணக்கானோர்க்கும் பொதுவான ஒன்று, ஒருவருடைய தனிக்குணத்தை எவ்வாறு காட்டும்?

நம் நாட்டு வாசகர் கவனிக்கவேண்டியது இனித்தான் வருகின்றது. மேலைநாட்டார், சூரியன் நடுக்கோட்டைக் கடந்து வடக்கே திரும்பும் இடத்தை மேடத்தின் தொடக்கமாகக் கொள்வர். நமது பஞ்சாங்கங்களோ நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு அளப்பன. இரண்டுக்குமுள்ள இடைவெளியே அயனாம்சம். 1879 இல் அது ஏறத்தாழ 22 பாகை. அவ்வளவைக் கழித்தால், புதன், சுக்கிரன், சனி மூன்றும் மீனத்துக்குப் பின்வாங்கி, அங்கேயே நிற்கும் சூரியனோடு சேர்கின்றன. சந்திரன் விருச்சிகத்துக்குச் செல்கின்றான். இப்போது நீர் 5, மண் 1, காற்று 1, நெருப்போ சூனியம்! உபயம் 4, ஸ்திரம் 2, சரம் 1. அதே குழந்தை, அதே வானம், அதே வேளை. ஒரு கணக்கில் நெருப்பு மிகுந்தவர், மறு கணக்கில் நெருப்பே இல்லாதவர்.

"ஒரு பூதம் முற்றாக இல்லை" என்று கேட்கும் பெற்றோர் மனங்கலங்குவது இயல்பு. நான்கு சட்டிகளை வைத்து ஏழு புளியங்கொட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏதாவதொரு சட்டிக்குள் விழுமாயின், நூறு தடவையில் ஏறத்தாழ 49 தடவை ஏதேனும் ஒரு சட்டி வெறுமையாயிருக்கும். புதனும் சுக்கிரனும் சூரியனை விட்டு வெகுதூரம் விலகாதவை. ஆதலால் வானத்துக் கணக்கு இதனோடு முற்றாய்ப் பொருந்தாது. எனினும், பூதமொன்று இல்லாமை அபூர்வமான குறையன்று என்பது இதனால் விளங்கும். பத்துக் கொட்டைகளைப் போட்டால், வெறுமை நூற்றுக்கு ஏறத்தாழ 22 தடவையாகக் குறையும். குறை பிள்ளையிடமிருந்து வருவதினும், எண்ணுபவரின் பட்டியலிலிருந்தே பெரிதும் வருகின்றது.

காற்றுக் குறைந்தும் ஐன்ஸ்ரைன் சிந்தனையாளராயினாரே என்று வினவினால், "இல்லாததை ஈட்டவே மனம் முயலும், ஆகையாலேயே சிந்தனையாளரானார்" என விடை வரும். காற்று மிகுந்திருந்தாலும் சிந்தனையாளர், குறைந்திருந்தாலும் சிந்தனையாளர் எனின், எண்ணியதால் அறிந்தது யாது? தராசின் எந்தத் தட்டுத் தாழ்ந்தாலும் ஒரே விலை சொல்லும் வணிகனிடம் நாம் பொருள் வாங்குவதில்லை.

ஆகவே எவரேனும் உங்கள் பிள்ளையின் பூதக் கணக்கைக் கூறினால், மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எத்தனை கிரகங்களை எண்ணினீர்? எங்கிருந்து இராசியை அளந்தீர்? எந்த விடை வந்தால் உமது கணக்குப் பிழையென ஒப்புக்கொள்வீர்? முன்னிரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விடை கிடைக்கும்வரை, பிள்ளையின் பொறுமையை அவன் பாடக் கொப்பியிலும் விளையாட்டு முற்றத்திலும் பார்த்தறிவதே தக்கது.