குரலுக்குக் கதகதப்பு, குரலுக்குக் கரகரப்பு

காந்த நாடாவில் ஒலியைச் சற்று உரக்கப் பதிந்தால் அலையின் உச்சிகள் மெல்ல மழுங்கும். அப்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. நாடாவில் பெரும்பாலும் மூன்று மடங்கு அதிர்வெண்ணில். 200 ஹெர்ட்ஸ் குரலுக்கு 600 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய துணை கிடைக்கும். கேட்பவர் கதகதப்பு என்பது பெரும்பாலும் இதைத்தான். நாடாவைப் போலச் செய்யும் மென்பொருள்களும் இதே வேலையைச் செய்கின்றன.

சிக்கல் 'ஸ', 'ச' ஒலிகளில் வருகிறது. அவற்றின் ஆற்றல் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை குவிந்திருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் வேலை செய்யும்போது 8 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்தாம் மடங்கான 40 கிலோஹெர்ட்ஸுக்கு இடமில்லை. அது மடங்கி 4.1 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது. சுரத்தோடு ஒட்டாத அந்த ஒலி, காது மிகக் கூர்மையாக உணரும் இடத்தில் கரகரக்கிறது.

எனவே சகார ஒலியை டீஎஸ்ஸரால் முதலில் தணித்துவிட்டு, அதன் பிறகே நாடா விளைவைச் சேர்ப்பது நல்லது. மென்பொருளில் ஓவர்சாம்பிளிங் 4 மடங்கு இருந்தால் மடங்கல் வெகுவாகக் குறையும். ஏற்கெனவே அழுத்தி நசுக்கப்பட்ட குரலுக்கு இரண்டும் உதவாது. அதை விட்டுவிடுவதே மேல்.

விளைவைச் சேர்த்ததும் ஒலி உரத்துவிடும், உரத்தது எப்போதும் நன்றாகவே தோன்றும். வெளியீட்டைக் குறைத்து, முன்னும் பின்னும் ஒரே உரப்பில் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.