முதல் வரி மட்டும் ஊர் சுற்றும்

2021 மார்ச் 8, உலக மகளிர் தினம். பர்கர் கிங் நிறுவனத்தின் பிரிட்டன் கணக்கு அன்று ட்விட்டரில் ஒரு வரி போட்டது: பெண்களுக்கு உரிய இடம் சமையலறை. அதன் கீழே தொடர்ச்சியாக இன்னும் இரண்டு பதிவுகள் இருந்தன. ‘அவர்கள் விரும்பினால் மட்டும்தான், ஆனால் உணவகச் சமையல் கலைஞர்களில் 20 சதவீதம் பேர்தான் பெண்கள்’ என்றது இரண்டாவது பதிவு. தங்களிடம் வேலை பார்க்கும் பெண்கள் சமையல் கலை படிக்க உதவித்தொகை தரப்போவதாக மூன்றாவது பதிவு அறிவித்தது. பெண்களை மட்டம் தட்டும் பழைய பேச்சை எடுத்து, அதையே தலைகீழாகத் திருப்பிப் போடுவதுதான் திட்டம். மூன்றையும் வரிசையாகப் படித்தவருக்கு அது புரிந்திருக்கும்.

ஆனால் சமூக ஊடகத்தில் வரிசையாகப் படிக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. தொடர் பதிவில் ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பதிவு. முதல் துண்டை மட்டும் ஒருவர் பகிரலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், தன் கோபத்தை மேலே எழுதி நூறு பேருக்கு அனுப்பலாம். விளக்கம் இருக்கும் இரண்டாவது துண்டைப் பார்க்க வேண்டுமென்றால் படிப்பவர் உள்ளே போக வேண்டும். கோபம் வந்தவர் ஏன் போகப்போகிறார்? இன்னொரு பக்கம், அந்த வரியை உண்மையிலேயே நம்புகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். பெண்களைத் திட்டும் பதில்கள் பெருகின. கடைசியில் அந்தப் பதில்களைக் காரணம் காட்டித்தான் நிறுவனம் பதிவை நீக்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே தலைப்பு வரி அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப் பக்க விளம்பரமாகவும் வந்தது. அங்கே தலைப்புக்குக் கீழே, அதே தாளில், விளக்கம் அச்சாகியிருந்தது. தாளைக் கையில் எடுத்தவருக்குத் தலைப்போடு விளக்கமும் கிடைத்தது. ட்விட்டரில் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். ஆகவே நகைச்சுவை எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ‘இது சிரிப்பு வருமா?’ என்பதல்ல, ‘இதை எந்த இடத்தில் வெட்டி எடுத்துப் பகிர்வார்கள்?’ என்பதுதான்.

இதற்கு எளிய சோதனை உண்டு. பதிவின் முதல் வரியை, அல்லது படத்தை மட்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து விளம்பரக் குழுவுக்கு வெளியே இருப்பவர்களிடம் காட்டுங்கள். கல்லாவில் இருப்பவர், டெலிவரிக்குப் போகிறவர், வாடிக்கையாளரின் போனை எடுக்கிறவர் என்று வயதும் வீட்டுச் சூழலும் வேறுபட்ட மூன்று பேர் போதும். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். ‘இதுல யாரைக் கிண்டல் பண்றாங்க?’ என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால், அந்தப் பதில் நீங்கள் நினைத்ததாகவும் இருந்தால், பதிவை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகலாம். ஒருவர் ‘பொம்பளைங்களையா?’ என்று கேட்டுவிட்டால் அதற்கு விளக்கம் சொல்லிச் சமாளிக்காதீர்கள். வெளியே விளக்கம் சொல்ல நீங்கள் கூடப் போகப்போவதில்லை.

கிண்டல் யார் தலையில் விழுகிறது என்ற இந்தக் கேள்வி நம் நாட்டில் இன்னும் கூர்மையானது. 2023 ஜூனில் உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்காக சொமாட்டோ ஒரு வீடியோ வெளியிட்டது. குப்பை மறுசுழற்சி பற்றியது. 2001இல் வந்த ‘லகான்’ படத்தில் கச்ரா என்ற பாத்திரத்தில் நடித்தவரை மேஜை, விளக்கு போன்ற பொருட்களாகக் காட்டியிருந்தார்கள். கச்ரா என்றால் இந்தியில் குப்பை. சிலேடைக்காக அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் கச்ரா, ஊரார் தீண்டத் தயங்கும் தலித் மனிதர். சிலேடையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது சினிமா ஜோக். தங்கள் மனிதரை உட்காரும் மேஜையாகப் பார்த்தவர்களுக்கு அது அவமானம். கண்டனம் எழுந்ததும் வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

சினிமாக் காட்சியை மீமுக்கு எடுக்கும் ஒவ்வொருவரும் இதை யோசிக்க வேண்டும். காட்சியை எடுக்கும்போது அதற்குள் அடி வாங்குகிறவரையும் சேர்த்தே எடுக்கிறோம். நம் நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றில் சிரிப்பு, நிறத்தின் மேலும் பருமனின் மேலும் மனைவியின் மேலும்தான் விழுகிறது. தீபாவளி நேரத்தில் ஒரு ஸ்வீட் கடை, பருத்த ஒருவர் தட்டை வழித்துச் சாப்பிடும் டெம்ப்ளேட்டைப் போட்டு ‘நம்ம ஜிலேபியைப் பார்த்தா’ என்று எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிலேபி வாங்க வருகிறவரையே அது கிண்டல் செய்கிறது. அதே கடை, தன் வாசலில் நீளும் வரிசையையும், டோக்கனைக் கூவிக் கூவித் தொண்டை கட்டிய தன் கேஷியரையும் (அவர் சம்மதத்தோடுதான்) வைத்து மீம் போட்டால், வரிசையில் நின்றவர்களே அதைப் பகிர்வார்கள். அவர்கள் பட்ட அனுபவம் அதில் இருக்கிறது, அவர்களை மட்டம் தட்டும் எதுவும் இல்லை.

தன்னையே கிண்டல் செய்வதில் 2018இல் கே.எஃப்.சி. பிரிட்டனில் செய்தது நல்ல உதாரணம். விநியோக ஒப்பந்தத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றியதும் கோழிக்கறி வந்து சேராமல், நூற்றுக்கணக்கான கிளைகளை மூட வேண்டியதாயிற்று. நிறுவனம் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. காலியான வாளியின் படம். அதன் மேல் தன் பெயரின் மூன்று எழுத்துகளையும் இடம் மாற்றி, ஓர் ஆங்கில வசைச்சொல்லை நினைவூட்டும்படி போட்டிருந்தார்கள். கீழே நேரான மன்னிப்பு: கோழி இல்லாத கோழிக் கடையாகிவிட்டோம், தேடி வந்து ஏமாந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், திண்டாடிய ஊழியர்களுக்கு நன்றி. சிரிப்பு முழுக்க நிறுவனத்தின் மேல், மன்னிப்பு முழுக்க வாடிக்கையாளருக்கு. ஆனால் இதை அப்படியே நகல் எடுக்க முடியாது. ‘தி சன்’, ‘மெட்ரோ’ வாசகர்கள் அந்தச் சொல்லைச் சிரித்துக் கடப்பார்கள். நம் ஊரில் குடும்பத்தோடு சாப்பிட வரும் உணவகம் அப்படி எழுதினால் கதை வேறு. இன்னொன்று, அங்கே போனது ஒருவேளைச் சாப்பாடுதான். பணம் சிக்கிக்கொண்ட வங்கி வாடிக்கையாளரிடமோ, மருந்து வராத நோயாளியிடமோ இப்படிப் பேசவே கூடாது. புகாருக்குப் பதில் எழுதும்போது மீம் வேண்டாம்.

எவ்வளவு பார்த்தாலும் சில நேரம் தவறும். அதை லைக் எண்ணிக்கையில் கண்டுபிடிக்க முடியாது. கோபத்தில் பார்க்க வருகிற கூட்டமும் எண்ணிக்கையை ஏற்றும். பதில்கள் லைக்கை நெருங்குகின்றனவா, உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று போட்ட முதல் மணி நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். வெள்ளி இரவு பதிவைத் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில் உள்ள ஆபத்து இதுதான்.

பர்கர் கிங் அன்று செய்த இரண்டாவது தவறு இங்கேதான். கே.எஃப்.சி.யின் கேமிங் கணக்கு, பதிவை நீக்கச் சொல்லி ஒரு மீமையே பதிலாகப் போட்டது. ‘எங்கள் துறையில் பெண்கள் குறைவு என்பதைக் காட்டும் பதிவை ஏன் நீக்க வேண்டும்?’ என்று பர்கர் கிங் வாதம் செய்தது. அந்த நேரமெல்லாம் முதல் வரி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு பதிவை நீக்கியபோது எழுதிய மன்னிப்பு மட்டும் சரியாக அமைந்தது. முதல் ட்வீட்டில் தவறு செய்துவிட்டோம், மன்னியுங்கள் என்று எது தவறு என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். சொமாட்டோவோ, தெரியாமல் சில சமூகத்தினரின் மனம் புண்பட்டிருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. புண்பட்டவர் எழுதி, கண்டித்து, அதன் பிறகுதான் வீடியோ நீங்கியது. அவரிடம் போய் ‘பட்டிருக்கலாம்’ என்று சொல்வது பொருந்தாது.