கார் பேட்டரியில் எத்தனை ராத்திரி டிவி பார்க்கலாம்?

படிவம் 3 மாணவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள்: "தாத்தா, தோட்டத்துல இருந்தப்போ டிவி எப்படிப் பார்த்தீங்க?" பேராக்கின் ரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்கள் பலர் கார் பேட்டரியைத்தான் சொல்வார்கள். தீர்ந்ததும் சைக்கிளில் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜ் போட்டு வருவார்களாம். P = VI, E = Pt நடத்த இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

பேட்டரியில் 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பொதுவாக 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். இரண்டையும் பெருக்கினால் சேமித்த ஆற்றல்:

12 × 60 = 720 வாட்-மணி

வோல்ட்டால் ஏன் பெருக்க வேண்டும்? மாணவரின் பவர் பேங்கில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 20 ஆம்பியர்-மணி. "கார் பேட்டரில மூணுல ஒரு பங்கு இருக்கே சார்!" என்பான். ஆனால் அந்த 20, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. 3.7 × 20 = 74 வாட்-மணி; பத்தில் ஒரு பங்குதான்.

இனி டிவிக்கு வருவோம். சிறிய கறுப்பு வெள்ளை டிவிக்கு 18 வாட் என்று கொண்டால் 720 ÷ 18 = 40 மணி நேரம். ராத்திரிக்கு 3 மணி நேரம் பார்த்தால் 13 நாள். இங்கேதான் நிறுத்த வேண்டும். 720-ம் நமக்குக் கிடைக்காது.

ஈய அமிலப் பேட்டரியில் மின்சாரம் வெளியேறும்போது தட்டுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். அடிமட்டம் வரை இறக்கி, அப்படியே இரண்டு நாள் போட்டுவைத்தால் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய அளவு வராது. படம் சுருங்கும்வரை பார்த்த வீட்டில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போனது இதனால்தான். எனவே பாதியோடு நிறுத்துவது வழக்கம். வெளியேற்ற ஆழம் 50%:

720 × 0.5 = 360 வாட்-மணி
360 ÷ 18 = 20 மணி நேரம்

ஆறு ராத்திரி, வாரம் ஒரு தடவை பட்டணம். என்னைக் கேட்டால் கார் பேட்டரிக்குப் பாதியே அதிகம்தான். அதன் மெல்லிய தட்டுகள் எஞ்சினைக் கிளப்புவதற்கு ஆனவை.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. லித்தியம் பேட்டரிக்கு வெளியேற்ற ஆழம் 80% என்றால் 0.2-ஆல் பெருக்குவார்கள். எடுக்கக்கூடியதுதான் 80%, 20% உள்ளே மிச்சம்.

பாதி வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? டிவியை அணைத்துச் சில மணி நேரம் விட்டு, வோல்ட்மீட்டர் வைக்க வேண்டும். நிறைந்த பேட்டரி சுமார் 12.7 காட்டும், பாதியில் சுமார் 12.2. டிவி ஓடும்போதே அளந்தால் இன்னும் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.