ஒரு கட்டத்துக்கு ஒரு வெளிச்சம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம். ஜன்னல் வெயில் தரையில் விழுகிறது, மேசைக்கு அடியில் நிழல் தேங்கியிருக்கிறது. இதையெல்லாம் அந்த நொடியிலேயே கணக்கிடச் சொன்னால் சாதாரண போன் திணறிவிடும். அதனால் விளையாட்டை உருவாக்கும்போதே கணக்குப் போட்டு, விடையைப் படமாகச் சேமித்து வைக்கிறார்கள். அந்தப் படம் லைட்மேப். அதைத் தயாரிப்பதற்கு பேக்கிங் என்று பெயர். 1996இல் வந்த குவேக் விளையாட்டிலேயே இந்த உத்தி உண்டு.

லைட்மேப் சிறு சிறு கட்டங்களால் ஆனது. கட்டத்தின் பெயர் டெக்சல். ஒரு டெக்சலில் ஒரே ஒரு வெளிச்சத்தைத்தான் எழுதி வைக்க முடியும். பேக்கிங்கில் தலைவலி தரும் மூன்று கோளாறுகளுக்கும் வேர் இதுதான். யூனிட்டி எஞ்சினில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம்.

முதலில் மேசை. அதன் நான்கு கால்களுக்கும் ஒரே மரப் படத்தை ஒட்டியிருப்பார்கள். முதல் யுவி, அதாவது படத்தை எங்கே ஒட்டுவது என்று சொல்லும் வரைபடம், நான்கையும் ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும். மரத்துக்கு அது சரி, வெளிச்சத்துக்குச் சரிவராது. ஒரு கால் வெயிலிலும் இன்னொன்று நிழலிலும் நிற்கிறதே! ஒன்றின் நிழல் மற்றதில் கறையாகப் படியும். எனவே லைட்மேப்புக்கென்று இரண்டாவது யுவி வேண்டும். அதில் ஒவ்வொரு முகத்துக்கும் தனி இடம். மாடலின் இறக்குமதி அமைப்பில் `Generate Lightmap UVs` என்பதைத் தேர்ந்தால் எஞ்சினே அதை உருவாக்கித் தரும். பிறகும் `UV Overlap` காட்சியில் சிவப்பு தெரிந்தால், துண்டுகள் நெருங்கிக் கிடக்கின்றன என்று பொருள். `Pack Margin` அளவைக் கூட்டி இடைவெளி விட வேண்டும்.

அடுத்தது ஒளிக்கசிவு. இருட்டறையில் சுவரோரத்துத் தரை மட்டும் வெளுத்துத் தெரியும். இரண்டு அறைக்கும் ஒரே தரை, நடுச்சுவர் 10 செ.மீ. கனம், மீட்டருக்கு 5 டெக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெக்சல் 20 செ.மீ. ஆகிறது. அது சுவருக்கு இருபுறமும் கால் நீட்டி, பக்கத்து அறை வெளிச்சத்தை இங்கே கொண்டுவந்துவிடுகிறது. மீட்டருக்கு 40 ஆக்கினால் டெக்சல் 2.5 செ.மீ.; சுவருக்கு அடியிலேயே நான்கு அடங்கிவிடும். அதைவிடச் சிக்கனமான வழி, தரையைச் சுவரோடு வெட்டி இரண்டு துண்டாக்குவது.

கடைசியாக, சமமில்லாத அடர்த்தி. சுவரில் நிழல் கூர்மையாக விழ, பக்கத்து அலமாரியில் அதே நிழல் கலங்கிப்போகும். `Baked Lightmap` காட்சியில் சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் தெரியும்; அலமாரியில் மட்டும் அவை பெரிதாக இருந்தால், அதன் `Scale In Lightmap` எண்ணை உயர்த்த வேண்டும். ஒரே பொருளுக்குள் கட்டங்கள் ஏறுமாறாக இருந்தால் அந்த எண் உதவாது, யுவியையே திருத்த வேண்டும்.

கறை எதைக் கண்டாலும் மொத்த அடர்த்தியை ஏற்றுவது பலருக்கும் பழக்கம். அடர்த்தியை இரண்டு மடங்காக்கினால் டெக்சல்கள் நான்கு மடங்காகும். அடுக்கி வைத்த யுவியின் கறை அப்போதும் போகாது.